டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்: பி.டி.வி. இறங்கினால் எங்கிருந்து தேடுவது, எப்போது வடிகட்டுவது, எப்போது மாற்றுவது

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், மில்களிலிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "சார், ஆயில் ரிப்போர்ட் வந்திருக்கிறது. பி.டி.வி. 24 என்று போட்டிருக்கிறார்கள். மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?" இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: ஆயிலைத் தொடாதீர்கள், முதலில் மாதிரி எடுத்த பாட்டிலைக் காட்டுங்கள்.

இங்கே எழுதுவது பல்லடம், பொள்ளாச்சி வட்டாரத்து நூற்பாலைகளில் நான் அதிகம் பார்த்த வகைக்கு மட்டும்: 11 கிலோவோல்ட் உள்வரும், 433 வோல்ட் வெளியேறும், ஆயில் விரிந்து சுருங்க இடம் தரும் மேல்தொட்டியான கன்சர்வேட்டரும், அதற்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீத்தரும் உள்ள, கனிம எண்ணெய் நிரப்பிய 250 முதல் 1000 கே.வி.ஏ. வரையிலான டிரான்ஸ்ஃபார்மர். துணைமின் நிலையத்துப் பெரிய மின்மாற்றிகளுக்கு வரம்புகள் இதைவிடக் கடுமையானவை.

பி.டி.வி. என்பது ஆயில் எத்தனை கிலோவோல்ட்டில் முறிந்து தீப்பொறி பாய்கிறது என்ற அளவு. பி.பி.எம். என்பது அதில் கரைந்திருக்கும் ஈரம். ஒரு கிலோ ஆயிலில் எத்தனை மில்லிகிராம் தண்ணீர் என்ற கணக்கு. பயன்பாட்டில் உள்ள ஆயிலுக்கான ஐ.இ.சி. 60422 விதிமுறைப்படி, 72.5 கிலோவோல்ட் வரையிலான டிரான்ஸ்ஃபார்மருக்கு பி.டி.வி. 40-க்கு மேல் இருந்தால் நல்லது; 30 முதல் 40 வரை கவனிக்க வேண்டியது; 30-க்குக் கீழ் மோசம். ஈரம் 30 பி.பி.எம்.-க்குள் நல்லது, 40-ஐத் தாண்டினால் மோசம். இந்த நான்கு எண்களைப் பிரீத்தர் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

வேலையில் இறங்கும் முன் ஒரு வார்த்தை. டேங்கின் மேல் ஏறும் வேலை எதுவானாலும் எச்.டி. பக்கமும் எல்.டி. பக்கமும் திறந்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் போட்ட பிறகுதான். கீழ் வால்வில் மாதிரி எடுப்பதற்கும், மின்னோட்டம் உள்ள பாகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இதே விதிதான்.

அறிகுறி 1: ரிப்போர்ட்டில் பி.டி.வி. 30-க்குக் கீழ்

முதலில் சந்தேகப்பட வேண்டியது மாதிரியைத்தான். செலவே இல்லாத சோதனை இதுதான்; பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஒரு மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். 500 கே.வி.ஏ., 550 லிட்டர் ஆயில். தீபாவளிக்கு நான்கு நாள் மூடிவிட்டுத் திறந்த அன்று, தூறலோடு தூறலாக மாதிரி எடுத்திருக்கிறார்கள். ஆறு அளவுகள்: 31, 24, 19, 27, 22, 21. சராசரி 24. பாட்டிலைக் கேட்டேன். குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம். கழுவிய பாட்டிலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் ஈரமே பி.டி.வி.யைப் பாதியாக்கப் போதும். துடைத்த துணியிலிருந்து விழுந்த இரண்டு நூலிழைகளும் அதே வேலையைச் செய்யும். பஞ்சு பறக்கும் நூற்பாலையில் இது இன்னும் மோசம்.

மறு மாதிரியை இப்படி எடுத்தோம். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், அடுப்பில் உலர்த்தி மூடி வைத்தது. மழை இல்லாத முற்பகல். டிரான்ஸ்ஃபார்மர் சுமையில் ஓடி ஆயில் சூடாக இருந்த நேரம். கீழ் வால்வின் வெளிப்புறத்தைத் துடைத்து, முதல் மூன்று லிட்டரை ஒரு வாளியில் விட்டோம். வால்வின் கழுத்தில் தேங்கிய கசடும் தண்ணீரும் அதில் போய்விடும். அந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. பிறகு அதே ஆயிலால் பாட்டிலை இரண்டு முறை அலசி, உட்சுவரில் வழியவிட்டு நுரை எழாமல் நிரப்பினோம். பாட்டில் மேல் தேதி, ஆயில் வெப்பம், சுமை, வானிலை நான்கையும் எழுதினோம். அன்றைக்கு ஆயில் வெப்பம் 48 டிகிரி. அந்த எண் பின்னால் தேவைப்படும்.

வால்வைத் திறக்கும் முன் ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்க மூடிய வகை டிரான்ஸ்ஃபார்மர் என்றால் குளிர்ந்த நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கலாம். அப்போது வால்வைத் திறந்தால் ஆயில் வராது, காற்று உள்ளே போகும். அந்த வகைக்குத் தயாரிப்பாளரின் ஆளையே கூப்பிடுங்கள்.

அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது சோதனைப் பெட்டி. ஐ.இ.சி. 60156 முறையில் மின்முனைகளுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. மின்னழுத்தம் நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏற வேண்டும். ஒவ்வொரு முறிவுக்கும் நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஆறு முறிவுகளின் சராசரியே விடை. இடைவெளியைக் கேஜ் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் வைத்து, மூன்று முறை அடித்துவிட்டு ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் நின்று பாருங்கள். குளிரூட்டிய அறைக்கு வந்த பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும் முன்பே திறக்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆறு எண்களையும் கேட்டு வாங்குங்கள், சராசரியை மட்டும் வாங்காதீர்கள். ஆறும் நெருக்கமாகவும் தாழ்வாகவும் இருந்தால் என் சந்தேகம் ஈரத்தின் மீது போகும். ஒன்று 45, அடுத்தது 20 என்று தாவினால் இழையோ தூசியோ மிதக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். இது தீர்ப்பு அல்ல; அடுத்து எங்கே தேடுவது என்பதற்கான வழிகாட்டி.

நம் மில்லின் மறு மாதிரி: 38, 44, 36, 41, 39, 42. சராசரி 40. மாற்றச் சொன்ன அதே ஆயில்தான்.

மறு மாதிரியும் 30-க்குக் கீழ் வந்தால் விஷயம் உண்மை. அப்போது ஈரத்தின் அளவைப் பொறுத்து வழி பிரிகிறது.

அறிகுறி 2: பி.டி.வி. குறைவு அல்லது எல்லையில், ஈரம் அதிகம்

நம் மில்லின் ஆயில் கார்ல் ஃபிஷர் சோதனையில் 34 பி.பி.எம். காட்டியது. இந்த எண்ணை வெப்பம் இல்லாமல் படிக்கக் கூடாது. சூடான ஆயில் நிறையத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த ஆயிலால் முடியாது. நல்ல கனிம எண்ணெய் 48 டிகிரியில் ஏறத்தாழ 160 பி.பி.எம். வரை தாங்கும், 25 டிகிரியில் 70-க்கும் சற்றுக் குறைவு. ஆக 34 பி.பி.எம். என்பது ஓடும்போது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதே ஆயில் சட்டென்று ஆறிவிட்டால் பாதி. பி.டி.வி.யைக் குறைப்பது இந்தப் பங்குதான். நீண்ட விடுமுறை முடிந்து குளிர்ந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுமையோடு போடும் காலைதான் ஆபத்தான நேரம் என்பதும் இதனால்தான். குளிர்ந்த நிலையில் எடுத்த பி.பி.எம். குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது; ஆறும்போது ஈரம் ஆயிலை விட்டு, சுருளைச் சுற்றியிருக்கும் காப்புக் காகிதத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஈரம் வந்த வழியை மலிவானதிலிருந்து தேடுவோம்.

பிரீத்தர் முதலில். நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு வகை பச்சையாகவோ நிறமற்றோ போகும். பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் நிறம் எந்தப் பக்கத்திலிருந்து மாறியது என்று பாருங்கள், அதில்தான் செய்தி இருக்கிறது. காற்று கீழ்க் கிண்ணத்து ஆயில் வழியே நுழைவதால் ஜெல் கீழிருந்து மேலாக நிறம் மாற வேண்டும். மேலடுக்கு முதலில் மாறியிருந்தால் காற்று பிரீத்தர் வழியே வரவில்லை, அதற்கு மேலே எங்கோ ஓட்டை இருக்கிறது. நம் மில்லில் அப்படித்தான் இருந்தது: மேலே நான்கு விரல் உயரம் வெளுத்த சிவப்பு, கீழே பளிச்சென்ற நீலம். பிரீத்தர் குழாய் சேரும் இடத்துக் கேஸ்கெட் வெடித்து, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மழைக்காற்று நேராகக் கன்சர்வேட்டருக்குள் போயிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஜெல்லை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிண்ணத்தில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வறண்ட கிண்ணம் என்றால் ஜெல் இடைவிடாமல் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் சில வாரங்களில் தீர்ந்துவிடும். புதிதாக வாங்கிய பிரீத்தரில் போக்குவரத்துக்காக ஒட்டிய மூடியை எடுக்காமலே பொருத்தியிருந்ததையும் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பிரீத்தர் சரி என்றால் மேல் மூடிக் கேஸ்கெட், புஷிங் அடி, கன்சர்வேட்டர் நிரப்பும் மூடி. ஆயில் கசியும் இடம் எல்லாம் ஈரம் நுழையும் இடமாகவும் இருக்கலாம். கன்சர்வேட்டர் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்தால் சில நேரம் தண்ணீரே சொட்டும். கார்ல் ஃபிஷர் வசதி இல்லாத இடத்தில், சோதனைக் குழாயில் சிறிது ஆயிலை வேகமாகச் சூடாக்கிக் கேட்டுப் பார்க்கலாம். படபடவென்று வெடித்தால் கரையாத தண்ணீர் இருக்கிறது. சத்தம் வரவில்லை என்பதால் ஆயில் உலர்ந்தது என்று ஆகிவிடாது.

முடிவு எடுக்கும் முறை இது. ஓட்டையை அடைத்த பிறகு பி.டி.வி. 30-க்கும் 40-க்கும் இடையில் அல்லது ஈரம் 30-க்கும் 40-க்கும் இடையில் நின்றால் மாதம் ஒரு மாதிரி எடுத்துப் போக்கைப் பாருங்கள், வடிகட்டுவதை அடுத்த திட்டமிட்ட நிறுத்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பி.டி.வி. 30-க்குக் கீழோ, ஈரம் 40-க்கு மேலோ உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் வடிகட்டுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். நம் மில்லில் கேஸ்கெட்டும் ஜெல்லும் மாற்றி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 43 கிலோவோல்ட், 31 பி.பி.எம். பிப்ரவரி நிறுத்தம் வரை ஓட்டினோம்.

அறிகுறி 3: பி.டி.வி. குறைவு, ஈரம் சரியாக இருக்கிறது

அப்படியென்றால் மிதக்கும் துகள். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். வெள்ளை இழைகள் தெரிந்தால் காகிதமோ பஞ்சோ. பழுப்புத் துணுக்குகள் என்றால் மக்கிய கார்க் கேஸ்கெட். ஒரு இரவு அசையாமல் வைத்தபின் அடியில் கரிப்பொடி படிந்தால் உள்ளே எங்கோ தீப்பொறி.

இழைக்கும் கார்க்குக்கும் வடிகட்டுதல் போதும். கரி என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். டேப் சுவிட்சின் தொடுமுனை தளர்ந்திருக்கலாம், சுருளில் கோளாறு இருக்கலாம். இந்த நிலையில் வடிகட்டும் இயந்திரத்தைப் பூட்டினால் ஒரு தவறு நடந்துவிடும்: வெற்றிடத்தில் ஆயிலை ஓட்டும்போது அதில் கரைந்திருக்கும் வாயுக்களும் வெளியேறிவிடும். உள்ளே என்ன எரிந்தது என்பதற்கு அந்த வாயுக்கள்தான் சாட்சி. எனவே வடிகட்டும் முன்பே கரைந்த வாயுச் சோதனைக்கு ஒரு மாதிரியைக் கண்ணாடிச் சிரிஞ்சில் எடுத்து அனுப்புங்கள். அசிட்டிலீன் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தாலோ, உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் புஹோல்ஸ் ரிலே எச்சரிக்கை தந்திருந்தாலோ, அந்த டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி போட்டுப் பார்க்கும் முடிவு நம்முடையது அல்ல. பழுதுபார்க்கும் நிபுணர் வரும் வரை அணைத்தே வையுங்கள்.

அறிகுறி 4: வடிகட்டினோம், மறுபடி இறங்குகிறது

வடிகட்டியவரைத் திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. 550 லிட்டர் ஆயில் ஏறக்குறைய 480 கிலோ. ஈரத்தை 40-லிருந்து 10 பி.பி.எம்.-க்கு இறக்கினால் வெளியே வந்த தண்ணீர் 15 கிராமுக்கும் குறைவு. ஒரு மேசைக்கரண்டி. அதே டேங்கில் காகிதமும் அட்டையும் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 சதவீதம் ஈரம் இருந்தால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர். ஆயில் உலர்ந்ததும் காகிதம் மெல்ல மெல்லத் தன் ஈரத்தை ஆயிலுக்குத் தரும். ஆகவே ஓரளவு இறங்குவது இயல்பு. எவ்வளவு இறங்கி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

நம் மில்லில் பிப்ரவரியில் வடிகட்டி முடித்தபோது 68 கிலோவோல்ட், 9 பி.பி.எம். மூன்று மாதம் கழித்து 56, 17. அதற்குப் பிறகு அசையவில்லை. இது நல்ல முடிவு. மூன்று மாதத்தில் மறுபடி 35 பி.பி.எம். என்றால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை அல்லது காகிதம் நன்றாக நனைந்திருக்கிறது.

வடிகட்டிய விதமும் காரணமாக இருக்கலாம். காகித ஃபில்டர் மட்டும் உள்ள சிறிய பம்ப் தூசியைப் பிடிக்கும். கரைந்த ஈரத்தைப் பெரிதாகக் குறைக்காது. வேண்டியது உயர் வெற்றிட இயந்திரம்: ஆயிலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கி, வெற்றிட அறையில் பரப்பி, ஒரு மைக்ரான் அளவு ஃபில்டர் வழியே விடுவது. டேங்கின் கீழிருந்து எடுத்து மேலே திருப்பிவிட்டு, மொத்த ஆயிலும் குறைந்தது மூன்று சுற்றாவது போக வேண்டும். சூடேறினால் காகிதமும் கொஞ்சம் ஈரம் விடும் என்பதால் ஆறு மணி நேரத்தில் முடித்துக் கிளம்புகிறவரைவிட இரண்டு நாள் ஓட்டுகிறவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். இயந்திரம் வந்ததும் அதன் ஹோஸில் முந்தைய இடத்து ஆயில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, நம் ஆயிலால் அலசிய பிறகே பூட்ட விடுங்கள். முடிந்ததும் ஒரு நாளாவது அசையாமல் விட்டுக் குமிழிகள் வெளியேறிய பின் மாதிரி எடுத்து, மின்காப்பு எப்படி இருக்கிறது என்று காட்டும் மெக்கர் மதிப்பும் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

இரண்டாவது முறை முறையாக வடிகட்டியும் சில மாதங்களில் ஈரம் 40-ஐத் தொட்டால் மூன்றாவது முறைக்குப் பணம் கட்டாதீர்கள். அது ஆயில் வேலை அல்ல. சுருளைப் பணிமனைக்கு எடுத்துச் சென்று அடுப்பில் வைத்து உலர்த்தும் வேலை; அதைப் பழுதுபார்ப்பவரிடம் பேசுங்கள்.

அறிகுறி 5: பி.டி.வி. 50-க்கு மேல், ஆனால் ஆயில் கறுத்து, காரமாக நெடியடிக்கிறது

ஏமாற்றும் அறிகுறி இதுதான். பி.டி.வி. ஈரத்தையும் துகளையும் மட்டுமே காட்டும். ஆயில் வயதாகி அமிலம் சுரந்தால், உலர்ந்திருக்கும் வரை அது பி.டி.வி.யில் தெரியாது. "ஐம்பது வந்திருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் ஓடும்" என்று சொல்லிக் கறுத்த ஆயிலை விட்டுவைத்த இடத்தில், மூடியைத் திறந்தபோது சுருள் மேல் மெழுகுபோல் கசடு படிந்து குளிர்ச்சி வழிகளையே அடைத்திருந்தது. அதே சுமையில் ஆயில் வெப்பம் முன்பைவிடக் கூடிக்கொண்டே போனது அதற்கு முன்னரே கிடைத்த எச்சரிக்கை.

ஆய்வகத்தில் அமிலத்தன்மையையும் பரப்பு இழுவிசையையும் கேளுங்கள். நம் வகை டிரான்ஸ்ஃபார்மருக்கு அமிலத்தன்மை, ஒரு கிராம் ஆயிலுக்குச் செலவாகும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கணக்கில், 0.15 மில்லிகிராமுக்குள் நல்லது, 0.30-ஐத் தாண்டினால் மோசம். இந்த நிலையில் சாதாரண வடிகட்டுதலால் பயன் இல்லை. ஆயில் உலரும், பி.டி.வி. ஏறும், அமிலம் அப்படியே இருக்கும். ஃபுல்லர்ஸ் மண் வழியே ஓட்டிச் சுத்திகரிக்கலாம் அல்லது ஆயிலை மாற்றலாம். சில ஆயிரம் லிட்டர் என்றால் சுத்திகரிப்பைக் கணக்குப் பார்க்கலாம். 500 லிட்டருக்கு மாற்றுவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.

மாற்றும்போது வடித்துவிட்டு உடனே புதியதை நிரப்பாதீர்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பழைய ஆயில் காகிதத்துக்குள் ஊறிக் கிடக்கும். அதுவே புதிய ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும். ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்து, கொஞ்சம் புதிய ஆயிலைத் தெளித்துச் சுருளைக் கழுவி அதையும் வடித்து, பிறகு நிரப்புங்கள். சில வாரம் ஓடியபின் அமிலத்தை மறுபடி பாருங்கள். வடித்த ஆயிலைப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும்.

அறிகுறி 6: புது ஆயிலே தேறவில்லை

பீப்பாயில் வந்த புது ஆயிலை நம்பி நேராக ஊற்றிவிட்டு, பி.டி.வி. 28 என்று திகைத்து நிற்பவர்களும் உண்டு. வாங்கியபடியே இருக்கும் புது ஆயிலுக்கு 30 கிலோவோல்ட்டே போதும் என்பதுதான் தரவிதி. வடிகட்டிய பிறகுதான் அது 70-க்கு எழ வேண்டும். எனவே புது ஆயிலும் இயந்திரம் வழியேதான் டேங்குக்குள் போக வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் 55 கிலோவோல்ட்டுக்கு மேலும் 20 பி.பி.எம்.-க்குக் கீழும் இருக்கிறதா என்று பாருங்கள்.

30-க்கும் கீழே வந்தால் பீப்பாய் நின்ற இடத்தைப் போய்ப் பாருங்கள். வெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பீப்பாய் மூச்சிழுக்கும். அப்போது அந்தத் தண்ணீர் அடைப்பான் மரை வழியே உள்ளே போகும். கூரையடியில் படுக்கவைத்து, இரண்டு அடைப்பான்களும் ஒரே கிடைமட்டத்தில், உள்ளிருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியபடி இருக்குமாறு உருட்டி, இருபுறமும் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.